பச்சை சூட்டைத் தைத்தவள்

அலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' சிறுகதையை முதலில் படித்தது பல்கலைக்கழகத்தில், ஆங்கிலப் பாடத்துக்காக. அப்போது அது எனக்கு ஒரு தேர்வுக் கேள்வி, அவ்வளவுதான். பாரம்பரியம் என்பது சுவரில் மாட்டி வைப்பதா, அன்றாடம் புழங்குவதா? புழங்குவதுதான் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, மறுநாள் தெர்மோடைனமிக்ஸ் தேர்வுக்குப் போய்விட்டேன்.

போன வருடம் கிள்ளானில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் வாசிப்புக் குழுவில் இதே கதை வந்தது. அன்றைக்கும் பேச்சு அந்தக் கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாரும் அம்மாவின் பக்கம். ஊருக்குத் திரும்பி வரும் அழகான மகளை ஆளாளுக்கு ஒரு குத்து குத்தினோம். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டு சகோதரிகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு மீண்டும் சந்திக்கும் கதை இது. நாங்கள் இரண்டு மணி நேரம் போர்வைகளைப் பற்றித்தான் பேசியிருந்தோம்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் வெளிவந்த கதை. இடம் அமெரிக்காவின் தென்பகுதி, கறுப்பினக் குடும்பம் ஒன்றின் மூன்று அறை வீடு. தகரக் கூரை, ஜன்னல் என்று சொல்ல முடியாத ஓட்டைகள். கதையைச் சொல்வது அம்மா. பருத்த உடம்பு, ஆண்பிள்ளை வேலை செய்து காய்த்த கை. பன்றியைத் தானே அடித்துச் சுத்தம் செய்யக்கூடியவள். இரண்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிட்டது, 1927-இல் பள்ளியையே மூடிவிட்டார்கள். அவளுக்கு இரண்டு மகள்கள். டீ அழகி, நிறம் கொஞ்சம் வெளுப்பு, நல்ல முடி, நல்ல உடல்வாகு. மேகிக்குக் கையிலும் காலிலும் தீக்காயத் தழும்பு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய வீடு எரிந்தபோது பட்டது. அம்மாவும் தேவாலயத்துக்காரர்களும் பணம் திரட்டி டீயை வெளியூருக்குப் படிக்க அனுப்பினார்கள். மேகி வீட்டிலேயே இருந்துவிட்டாள். சீக்கிரம் ஜான் தாமஸ் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்.

ஒரு மதியம் டீ வருகிறாள், கூட ஓர் ஆண் நண்பன். கண்ணைக் கூசும் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தரையைத் தொடும் உடுப்பு, தங்கத் தோடு, குலுங்கும் வளையல்கள். பெயரையும் மாற்றிக்கொண்டிருக்கிறாள்: வாங்கேரோ. தன் மக்களை ஒடுக்கியவர்கள் வழியாக வந்த பெயரை இனியும் தாங்க முடியாது என்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் வெண்ணெய் கடையும் தொட்டியின் மேல்பாகத்தைக் கேட்கிறாள், அதன் மத்தைக் கேட்கிறாள். கடைசியாக, பெட்டியில் இருக்கும் இரண்டு பழைய போர்வைகளையும் கேட்கிறாள். பாட்டியின் பழைய உடுப்புகள், தாத்தாவின் சட்டைகள், உள்நாட்டுப் போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் சீருடையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு, எல்லாவற்றையும் இணைத்துத் தைத்தவை. அவற்றை மேகியின் கல்யாணத்துக்குத் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். மேகி தினமும் போர்த்தி ஐந்தே வருடத்தில் கந்தலாக்கிவிடுவாள் என்று டீ கோபப்படுகிறாள். மேகி வாசலில் நின்றபடி, அவளே எடுத்துக்கொள்ளட்டும், போர்வை இல்லாமலேயே எனக்குப் பாட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியும் என்கிறாள். அம்மா டீயின் கையிலிருந்து போர்வைகளைப் பிடுங்கி மேகியின் மடியில் போடுகிறாள். டீ போய்விடுகிறாள்.

இப்போது ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். இந்தச் சந்திப்பில் அக்கா தங்கை ஒருவரோடு ஒருவர் பேசியது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நான் பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணினேன். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை! வந்ததும் டீ காரில் இருந்து போலராய்டு கேமராவை எடுத்து அம்மாவைப் படம் பிடிக்கிறாள். ஒவ்வொரு படத்திலும் வீடு விழும்படி பார்த்துக்கொள்கிறாள். மேகி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கியபடி அந்தப் படங்களில் இருக்கிறாள். பிறகு டீ அம்மாவின் நெற்றியில் முத்தமிடுகிறாள். அந்த நேரத்தில் மேகியின் கையைப் பிடித்துக் குலுக்கப் போராடிக்கொண்டிருப்பது அந்த நண்பன்தான். மத்தைச் செய்தது யார் என்ற கேள்வி வரும்போது மேகிக்குத்தான் பதில் தெரிகிறது: பெரியம்மா டீயின் முதல் கணவர், அவருடைய பெயர், ஊரார் அவரைக் கூப்பிட்ட பட்டப்பெயர் வரை சொல்கிறாள். டீ சிரித்துக்கொண்டே மேகியின் ஞாபகசக்தியை யானையோடு ஒப்பிடுகிறாள். அதுவும் மேகியைப் பார்த்துச் சொன்னது இல்லை, மேகியைப் பற்றிச் சொன்னது. கிளம்பும்போதுதான் நேராக அவளிடம் பேசுகிறாள், நீயும் முன்னேறப் பார் என்கிற ரீதியில். மேகி டீயிடம் நேராக ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. போர்வையை விட்டுக்கொடுப்பதையும் அம்மாவிடம்தான் சொல்கிறாள்.

இருவருக்கும் நடுவில் எப்போதும் அம்மா நிற்கிறாள். வாக்கர் தெரிந்தேதான் அப்படி நிறுத்தியிருக்கிறார் என்பது என் எண்ணம். நாம் இரண்டு மகள்களையும் பார்ப்பது அம்மாவின் கண் வழியாகத்தான். அந்தக் கண்ணில் ஓர் அளவுகோல் இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். மேகி நடப்பதைச் சொல்லும்போது அம்மாவுக்குத் தோன்றும் உவமை, யாரோ பணக்காரன் கார் ஏற்றிவிட்டுப் போன நொண்டி நாய், தன்னிடம் இரக்கம் காட்டுகிற ஆளை நோக்கி ஒதுங்கி ஒதுங்கி வருவது. மோவாய் நெஞ்சில், கண் தரையில், கால் இழுத்து இழுத்து. தீ விபத்துக்குப் பிறகு மேகி இப்படித்தான் என்கிறாள். அடுத்த வரியிலேயே டீயின் நிறம், முடி, உடல்வாகு. டீ காரிலிருந்து இறங்கும்போது முதலில் தெரிவது அவள் பாதம்தான், ஆனால் அந்தப் பாதத்தைக்கூடக் கடவுளே பார்த்துப் பார்த்துச் செய்ததாக அம்மா வியக்கிறாள். இத்தனைக்கும் இந்த மகளின் மேல் அவளுக்கு நிறைய மனக்குறை இருக்கிறது. குறை இருந்தும் கண் முதலில் போவது அங்கேதான்.

அந்த அளவுகோல் அவள் மீதும் பாய்கிறது. கதையின் தொடக்கத்தில் அம்மா ஒரு பகற்கனவைச் சொல்கிறாள். டிவி நிகழ்ச்சியில், பிரபலமான மகளும் பெற்றோரும் மேடையில் சந்தித்துக் கட்டிக்கொண்டு அழுவார்களே, அந்த மாதிரி. அந்தக் கனவில் அவள் நூறு பவுண்டு எடை குறைந்து, வேகாத மாவு நிறத்தில் வெளுத்து இருக்கிறாள். மகளுக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும் என்று நினைக்கிறாள். நம் வீடுகளில் பெண் பார்க்க வரும்போது முகத்துக்கு இன்னொரு கோட் பவுடர் போடச் சொல்லும் குரல் எனக்கு அங்கே கேட்டது. ஆனால் இரண்டையும் ஒன்றாக்க முடியாது. அமெரிக்கத் தென்பகுதியில் தோலின் வெளுப்புக்குப் பின்னால் அடிமை முறையின் வரலாறு இருக்கிறது. நம்முடையது வேறு கதை.

ஆக டீயை அழகி என்று முத்திரை குத்தியது கதைக்குள் யார்? மேகி பொறாமையும் வியப்பும் கலந்து அவளைப் பார்க்கிறாள், உண்மைதான். ஆனால் அந்த முத்திரையைக் கையில் வைத்திருப்பவள் அம்மா. ஒருத்திக்கு அழகு, ஒருத்திக்குத் தழும்பு என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் அந்தக் கணக்குக்குள்ளேயே வளர்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் நானாகவே வந்துவிட்டேன். அதற்கு மேல் போக என் அக்கா தேவைப்பட்டாள்.

எங்கள் வீட்டிலும் இது உண்டு. அக்கா அழகு, நான் படிப்பு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் அம்மா எங்களை அறிமுகப்படுத்துவதே அப்படித்தான்: "இவதான் பெரியவ. இது சின்னது, நல்லா படிக்கும்." பெரியவளுக்கு விளக்கமே தேவையில்லை, பார்த்தாலே தெரியும் அல்லவா. அக்காவுக்கு இருபத்து மூன்றில் கல்யாணம் ஆனது. இப்போது ஜோகூர் பாருவில் இருக்கிறாள், தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். வருடத்துக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டால் பெரிது. கதையின் பிரதியை அவளுக்கு வாட்சப்பில் அனுப்பி, படித்துவிட்டுச் சொல்லு என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு குரூரமும் இருந்தது. டீயைப் படித்துவிட்டு அக்கா என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று.

மூன்று நாள் கழித்து, இமிகிரேஷன் வரிசையில் நின்றுகொண்டு குரல்பதிவு அனுப்பினாள். பின்னால் ஒரே பைக் சத்தம். "ஏ சின்னவ, அந்தப் பச்சை சூட்டு யாரு தைச்சா? நீ கவனிச்சியா இல்லியா?"

கவனிக்கவில்லை. போய்த் திருப்பிப் பார்த்தேன். கதையின் முன்பகுதியில், டீக்கு நல்ல பொருள்கள் மேல் எப்போதும் ஆசை என்று அம்மா பட்டியல் போடும் இடம். பள்ளிப் படிப்பு முடியும் விழாவுக்கு மஞ்சள் ஆர்கண்டி உடுப்பு கேட்டாள். ஒரு பச்சை சூட்டுக்குப் பொருத்தமாகக் கறுப்புக் காலணி கேட்டாள். அந்தச் சூட்டைப் பற்றி ஒரு துணைவாக்கியம் வருகிறது. யாரோ அம்மாவுக்குக் கொடுத்த பழைய சூட்டை வைத்து டீயே செய்துகொண்டது அது.

அதாவது டீக்குத் தைக்கத் தெரியும். யாரோ கழித்துக் கொடுத்த துணியைப் பிரித்து, வெட்டி, தன் அளவுக்கு மாற்றித் தைக்கத் தெரியும். பழைய துணியைப் புதுப்பொருளாக்கும் கை அவளுக்கும் இருந்தது. பாட்டிமார் போர்வையில் செய்த வேலைக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆனால் அம்மா அதை ஆசைகளின் பட்டியலில் போட்டுவிட்டாள். மேகி தைத்தால் அது திறமை, டீ தைத்தால் அது மினுக்கு. எங்கள் குழுவில் ஏழு பேர் படித்தோம். ஒருத்தர் கண்ணிலும் அந்தச் சூட்டு படவில்லை. அம்மாவின் அளவுகோலை நாங்களும் அப்படியே வாங்கிக்கொண்டோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இந்த முனையைப் பிடித்துக்கொண்டு திரும்பப் படித்தால் கதையின் பெயர் விளையாட்டு இன்னும் துலங்குகிறது. டீ என்ற பெயர் வந்த வழியை அம்மா சொல்கிறாள்: தன் அக்கா டைசிக்கு வீட்டில் பெரிய டீ என்று பெயர், அதற்கு முன்னால் பாட்டி டீ, அதற்கும் முன்னால் போகலாம் என்கிறாள். போர்வைகளின் துண்டுகளைச் சேர்த்தவள் பாட்டி டீ. பிறகு வாசல் திண்ணையில் சட்டத்தில் மாட்டி அம்மாவும் பெரிய டீயும் தைத்து முடித்தார்கள். மேகிக்கு இந்தத் தையலைக் கற்றுக் கொடுத்ததும் அந்த இரண்டு டீக்கள்தான். ஆக பெயர் அழகான மகளுக்குப் போனது. அந்தப் பெயர்க்காரிகளின் வேலை மற்ற மகளுக்குப் போனது. இருவருக்கும் பாதிப் பாதி. இப்போது டீ தன் பாதியான பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேகியின் பாதியான போர்வையைக் கேட்டு நிற்கிறாள். அபகரிப்பு என்று படிக்கலாம். அப்படித்தான் பலரும் படிக்கிறார்கள். எனக்கு இப்போது அது, தனக்குக் கற்றுக் கொடுக்கப்படாத ஒன்றைக் கேட்கும் பிள்ளை போலவும் தெரிகிறது. ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை; கற்றுக் கொடு என்று கேட்க வேண்டியவள் பொருளைக் கொடு என்று கேட்கிறாள்.

இதற்காக டீயை நல்லவளாக்கிவிட வேண்டியதில்லை. கல்லூரிக்குப் போகும்போது அம்மா இதே மாதிரிப் போர்வை ஒன்றைக் கொடுத்தபோது, பழைய பாணி என்று வேண்டாம் என்றவள் அவள். வீட்டைப் படத்துக்குள் பிடிக்கிற விதம், மேகியின் மூளையைப் பற்றி அடிக்கிற ஜோக், மேகி கந்தலாக்கிவிடுவாள் என்று சொல்லும்போது குரலில் வருகிற அருவருப்பு, எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. வாக்கர் எதையும் மறைக்கவில்லை. விமர்சகர்களிலும் டீயின் பக்கம் பேசியவர்கள் உண்டு; சூசன் ஃபேரல் 1998-இல் எழுதிய கட்டுரை அப்படிப்பட்டது. என் வாதம் அதைவிடச் சின்னது. டீக்குள் என்ன நடக்கிறது என்று கதை நமக்குக் காட்டவே இல்லை. காட்டாததை நாம் 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டோம். அழகிகளுக்கு இப்படி நேர்வது சகஜம், வெளியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

வீடு எரிந்த காட்சியையும் பாருங்கள். மேகி அம்மாவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், முடி புகைகிறது, உடுப்பு கருகிய காகிதம் போல் உதிர்கிறது. டீ தள்ளி ஒரு மரத்தடியில் நின்று எரிவதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாம்பலைச் சுற்றி ஆட வேண்டியதுதானே என்று அவளைக் கேட்க நினைத்ததாக அம்மா சொல்கிறாள். டீ வீட்டுக்குத் தீ வைத்தாள் என்று இதை வைத்துச் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன், எங்கள் குழுவிலும் ஒருவர் அடித்துச் சொன்னார். கதையில் அப்படி எங்கேயும் இல்லை. இருப்பது ஒரு சிறுமியின் பார்வையும், அதற்கு ஓர் அம்மா கொடுத்த அர்த்தமும். வீடு எரியும்போது உறைந்துபோய் நிற்கும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, கேட்க நினைத்தாளே தவிரக் கேட்கவில்லை.

வாக்கரின் சொந்த வாழ்க்கையைக் கதைக்குள் இழுப்பது பொதுவாக எனக்குப் பிடிக்காது. இங்கே மட்டும் இழுக்கிறேன். அவர் 1944-இல் ஜார்ஜியாவில் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் கடைசி. 1983-இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் அழகைப் பற்றிய ஒரு கட்டுரை இருக்கிறது. இரண்டரை வயதில், சந்தைக்குக் கூட்டிப்போக அப்பா பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுக்கும்போது, நான்தான் எல்லாரிலும் அழகு, என்னைக் கூட்டிப்போ என்று சொன்னதை அதில் எழுதுகிறார். எட்டு வயதில் அண்ணன் சுட்ட விளையாட்டுத் துப்பாக்கியின் குண்டு வலது கண்ணில் பட்டது. பார்வை போனது, வெள்ளையாகத் தழும்பு விழுந்தது. அதற்குப் பிறகு பல வருடம் தலை நிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லை என்கிறார். பதினான்கு வயதில் பாஸ்டனில் அந்தத் தழும்பை அகற்றினார்கள். பின்னாளில் அவர் அம்மாவிடமும் அக்காவிடமும், விபத்துக்குப் பிறகு நான் மாறினேனா என்று கேட்கிறார். இல்லையே, என்கிறார்கள். அந்தப் பதிலைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மோவாயை நெஞ்சில் புதைத்து நடக்கும் மேகி எங்கிருந்து வந்தாள் என்று இப்போது தெரியும். ஆனால் வீட்டைவிட்டு அட்லாண்டாவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் படிக்கப் போனவரும், மாணவியாக இருக்கும்போதே கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பயணம் போனவரும் வாக்கர்தான். அழகியாகவும் தழும்புக்காரியாகவும் ஒரே உடம்பில் இருந்தவர், போனவளாகவும் நின்றவளாகவும் இருந்து பார்த்தவர், அதை இரண்டு பெண்களாகப் பிரித்து ஓர் அம்மாவின் முன்னால் நிறுத்தியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, கதை ஒருத்திக்குத் தீர்ப்பு சொல்லும்போதும் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் குரலை நாம் சந்தேகப்படும்படி அங்கங்கே நூல் விட்டு வைத்திருக்கிறார். பச்சை சூட்டு அதில் ஒன்று.

போர்வைக் காட்சிக்கு வருகிறேன். ஓரத்தில்கூட மெஷின் தையல் இல்லை, எல்லாம் கையால் தைத்தது என்று டீ சிலாகிக்கிறாள். மெஷினில் அடித்திருந்தால் இன்னும் நாள் நிற்கும் என்கிறாள் அம்மா. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பராமரிப்புப் பிரிவில் இருபது வருடம் வேலை செய்த ஆள் பேசுவது போலவே இருக்கிறது. போர்வை கந்தலாகிவிட்டால் என்ன என்பதற்கும் அவளிடம் பதில் உண்டு: மேகிக்குத் தைக்கத் தெரியும், இன்னொன்று தைத்துக்கொள்வாள். தொழிற்சாலையில் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பொருள் போனால் திரும்பச் செய்யலாம், செய்யத் தெரிந்த ஆள் ஓய்வு பெற்றுப் போய்விட்டால்தான் சிக்கல். அந்த வகையில் அம்மாவின் வாதம் சரி. பருத்தித் துணி என்றைக்காவது இற்றுத்தான் போகும், டீ சுவரில் மாட்டினாலும்.

ஆனால் அம்மா போர்வையைப் பிடுங்கியது இந்த வாதத்தால் இல்லை. மேகி விட்டுக்கொடுத்ததால். மேகி அதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை; எதிலும் ஜெயித்தே பழக்கமில்லாதவள் போலச் சொல்கிறாள் என்று அம்மா கவனிக்கிறாள். வாயில் பொடியை அதக்கிக்கொண்டு, தழும்பு விழுந்த கைகளைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். அக்காவின் மேல் கோபம் இல்லை, லேசான பயம் மட்டும். இதுதான் தன் பங்கு, கடவுள் இப்படித்தான் கொடுப்பார் என்று ஏற்றுக்கொண்ட முகம். அந்த நொடியில் உச்சந்தலையில் எதுவோ அடித்து உள்ளங்கால் வரை இறங்கியதாக அம்மா சொல்கிறாள், தேவாலயத்தில் அருள் இறங்குவது போல. பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்கிறாள்: மேகியைக் கட்டிக்கொள்கிறாள்.

அதுவரை செய்யாத ஒன்று. இதை வேகமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. நெருப்பிலிருந்து தூக்கி வந்த பிள்ளையை, தினமும் கூடவே இருக்கும் பிள்ளையை, அவள் இப்படிக் கட்டிக்கொண்டதே இல்லை! அப்படியானால் மேகி வாழ்க்கையில் ஜெயிக்காமல் போனதற்கு டீ மட்டுமா காரணம்? பங்கு பிரித்தது அம்மா. அந்த அடி இறங்கியது அவளுக்குத்தான் என்று நினைக்கிறேன். கணக்கைத் திருத்த அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது, ஒருத்தியிடமிருந்து பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுப்பது. திருத்தம் நியாயமானதுதான். ஆனால் அளவுகோல் அதேதான். தட்டு மட்டும் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மேகி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

கதையில் எனக்குக் குறையாகத் தெரிவதும் இங்கேதான். போர்வை மடியில் விழுந்த பிறகு இரண்டு சகோதரிகளுக்கும் ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம். வாக்கர் டீயை அவசரமாகக் காரில் ஏற்றிவிடுகிறார். உங்களுக்கு உங்கள் பாரம்பரியம் புரியவில்லை என்று ஒரு குத்தல், மேகிக்கு ஒரு முத்தம், ஓர் அறிவுரை, முகத்தை மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி. முடிந்தது. அந்தக் கடைசிப் பேச்சு டீயைக் கார்ட்டூனாக்கிவிடுகிறது. அதுவரை கட்டிய சிக்கலுக்கு அது போதாது. அம்மாவின் பார்வையில்தான் கதை நடக்கிறது, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அம்மாவின் கண்ணுக்குத் தெரியாததை ஒரு துணைவாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவர், இங்கேயும் சொல்லியிருக்க முடியும்.

ஒன்று மட்டும் விட்டு வைத்திருக்கிறார். டீ கறுப்புக் கண்ணாடி போட்டதும் மேகி சிரிக்கிறாள். பயம் இல்லாத நிஜச் சிரிப்பு என்று அம்மா சாட்சி சொல்கிறாள். ஒருவேளை அந்தக் கண்ணாடியைப் பார்த்தே சிரித்திருக்கலாம். தீக்காயக்காரி கையைப் பாவாடையில் மறைப்பாள், அழகி முகத்தைக் கண்ணாடியில் மறைக்கிறாள். டீக்கும் மறைக்க எதுவோ இருக்கிறது என்று மேகி முதல்முறையாகப் பார்த்துவிட்டாளா? கதை சொல்லவில்லை. கார் போனதும் அம்மாவும் மேகியும் பொடி போட்டுக்கொண்டு இருட்டும் வரை முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்காவை அன்று ராத்திரியே கூப்பிட்டேன். பச்சை சூட்டு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது என்று கேட்டேன். "ஃபார்ம் த்ரீல உனக்கு ஸ்கூல் கச்சேரிக்குப் பாவாடை யாரு தைச்சா?" என்றாள். அம்மா என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.